பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் வாங்கும் ஸ்ட்ராடில்

பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் மதியம் இரண்டரை மணிக்கு மேல் எங்கள் டீலிங் மேசையில் போன் ஓயாது. கோயம்புத்தூரில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் ஆப்ஷன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நூல் வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் தவறாமல் அழைப்பார். "தம்பி, நாளைக்கு மேல போகுமா கீழ போகுமான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா எங்கியோ போகும். கால் ஒண்ணு, புட் ஒண்ணு, ரெண்டையும் வாங்கிப் போட்டுருங்க." இதைச் சொல்பவர் அவர் மட்டுமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதையேதான் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்கும்.

ஒரே ஸ்ட்ரைக்கில், ஒரே எக்ஸ்பைரியில் ஒரு காலும் ஒரு புட்டும் சேர்த்து வாங்குவதுதான் லாங் ஸ்ட்ராடில். சந்தை நன்றாக ஏறினால் கால் சம்பாதிக்கும், நன்றாக இறங்கினால் புட் சம்பாதிக்கும். திசை தெரிய வேண்டியதில்லை என்ற ஈர்ப்பு இதில் இருக்கிறது. பெரியவர் சொன்னதில் தவறும் இல்லை. பட்ஜெட் அன்று சந்தை எங்கேயோ போகத்தான் செய்யும். ஆனால் அந்த ஸ்ட்ராடிலை அவருக்கு விற்பவருக்கும் அது தெரியும். எவ்வளவு போகும் என்று ஒரு மதிப்பு போட்டு, அதை விலையில் சேர்த்துத்தான் அவர் விற்கிறார். ஆகவே, வாங்குகிறவர் போடும் பந்தயம் நகர்வின் மேல் இல்லை. விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் நகர்வைவிடப் பெரிய நகர்வு வருமா என்பதன் மேல்தான் அவர் பணம் கட்டுகிறார்.

2024 ஜூலை 23, செவ்வாய்க்கிழமை, மத்திய பட்ஜெட். இந்த விஷயத்தை விளக்க அதைவிடப் பொருத்தமான நாளை நான் பார்த்ததில்லை. முந்தைய நாள் நிஃப்டி 24,509-ல் முடிந்திருந்தது. அந்த வார எக்ஸ்பைரி 25-ஆம் தேதி வியாழக்கிழமை. ஆக, எக்ஸ்பைரிக்கு மீதம் மூன்று வர்த்தக நாள்கள்: பட்ஜெட் நாள் ஒன்று, அதற்குப் பின் சாதாரண நாள்கள் இரண்டு.

இனி வரும் பிரீமியங்கள் அன்று திரையில் ஓடிய விலைகள் இல்லை. கணக்கு புரிவதற்காக நான் சூத்திரத்தில் போட்டு எடுத்தவை. நிஃப்டியின் அளவுகள் மட்டும் உண்மையானவை.

சாதாரண நாளில் நிஃப்டி சுமார் 0.8% நகரும் என்றும், பட்ஜெட் நாளில் 2% நகரும் என்றும் சந்தை எதிர்பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். இவை சராசரி நகர்வுகள் இல்லை. புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று சொல்லும் அளவுகள். மூன்று நாள்களின் மொத்தத்தை எப்படி எடுப்பது? 2, 0.8, 0.8 என்று கூட்டி 3.6% என்றுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேசைத் தலைவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: நாள் நகர்வுகளைக் கூட்டக் கூடாது, அவற்றின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் அப்படி. 2-இன் வர்க்கம் 4. 0.8-இன் வர்க்கம் 0.64, அதுபோல் இரண்டு நாள். மொத்தம் 5.28. அதன் வர்க்கமூலம் சுமார் 2.3%. மூன்று நாளுக்கும் சேர்த்துச் சந்தை எதிர்பார்க்கும் நகர்வு அவ்வளவுதான்.

சந்தை நிற்கும் இடத்திலேயே ஸ்ட்ரைக் உள்ள ஸ்ட்ராடிலின் விலை, இந்தத் திட்ட விலக்கத்தில் சுமார் 0.8 பங்கு. 24,500-க்கு 2.3% என்றால் 563 புள்ளி. அதில் 0.8 பங்கு 450. ஒரு காலும் ஒரு புட்டும் சேர்ந்து 450 புள்ளி. அப்போது நிஃப்டி லாட் 25 என்பதால் ஒரு லாட்டுக்கு ரூ.11,250.

இதே 2.3%-ஐ ஆண்டுக் கணக்குக்கு மாற்றித் திரையில் காட்டுவதைத்தான் இம்ப்ளைட் வோலட்டிலிட்டி, சுருக்கமாக ஐவி என்கிறோம். மாற்றினால் 21% வரும். கவனிக்க வேண்டியது, 5.28-இல் 4 பங்கு அந்த ஒரே நாளுக்கு உரியது. 21% என்ற எண் மூன்று நாளுக்கும் பரப்பிக் காட்டிய சராசரி. பட்ஜெட் நாளின் கனம்தான் அதை அவ்வளவு தூரம் தூக்கிப் பிடித்திருக்கிறது.

இப்போது பட்ஜெட் முடிந்துவிட்டது. மாலை மூன்றரை மணி. அந்த 4 கழிந்துபோனது. மீதம் 0.64 வீதம் இரண்டு நாள், மொத்தம் 1.28. வர்க்கமூலம் 1.13%. சந்தை அதே இடத்தில் நின்றால் ஸ்ட்ராடிலின் விலை 222 புள்ளி. ஐவி 12.7%. காலையில் 450 கொடுத்து வைத்திருந்தவருக்கு மாலையில் பாதிதான் மிஞ்சுகிறது. லாட்டுக்கு ரூ.5,700 நஷ்டம்.

யாரோ ஐவியை வேண்டுமென்றே அடித்து இறக்கிவிட்டார்கள் என்று அன்று மாலை வாடிக்கையாளர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரியும், ஆனால் நடந்தது அது இல்லை. விலையில் இருந்த நாள் ஒன்று கழிந்தது, அவ்வளவே. 21% என்ற ஐவி அப்படியே நின்றிருந்தால், ஒரு நாள் குறைந்ததற்காக மட்டும் ஸ்ட்ராடில் 450-இலிருந்து 368-க்கு வந்திருக்கும். 82 புள்ளி போயிருக்கும். மிச்சமுள்ள 146 புள்ளி ஐவி இறங்கியதால் போனது. ஒரு நாள் கழிந்தால் தேய்மானம் எவ்வளவு என்று தீட்டாவைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்களுக்கு அந்த 82 தெரியும், 146 தெரியாது. திரையில் காட்டும் தீட்டா எல்லா நாளையும் ஒரே மாதிரி நாளாக எண்ணிக்கொள்கிறது. பட்ஜெட் நாளின் உண்மையான தேய்மானம் அந்தக் கட்டத்தில் இருக்காது.

சரி, அன்று மாலைக்குள் எவ்வளவு நகர்ந்திருந்தால் போட்ட 450 திரும்பக் கிடைத்திருக்கும்? வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது எக்ஸ்பைரி நாள் பிரேக்-ஈவன்: 24,500-இலிருந்து 450 தள்ளி, மேலே 24,950, கீழே 24,050. பட்ஜெட் நாள் மாலையில் இரண்டு நாள் நேரமும் 12.7% ஐவியும் மீதமிருப்பதால் கொஞ்சம் குறைவாக நகர்ந்தாலும் போதும். எவ்வளவு குறைவு என்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். என் கணக்கில் 436 புள்ளி வருகிறது. கிட்டத்தட்ட 1.8%. அதுவும் லாபத்துக்கு இல்லை, கைப்பணம் திரும்புவதற்கு மட்டும்.

அன்று நடந்ததைப் பாருங்கள். 11 மணிக்கு நிதியமைச்சர் பேச்சைத் தொடங்கினார். நீண்டகால மூலதன ஆதாய வரி 10%-இலிருந்து 12.5%, குறுகியகால வரி 15%-இலிருந்து 20%, ஆப்ஷன் விற்பனை மீதான எஸ்டிடி 0.0625%-இலிருந்து 0.1% என்று அறிவிப்புகள் வந்தபோது நிஃப்டி சரிந்தது. அன்றைய தாழ்வு 24,074. முந்தைய முடிவிலிருந்து 435 புள்ளி. டீலிங் அறையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்ட சரிவு அது. திரையில் ஓடிய சிவப்பைப் பார்த்தவர்கள், ஸ்ட்ராடில் வாங்கியவருக்கு இன்று அள்ளிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். என் கணக்கில் அந்தத் தாழ்வில்தான் அவர் போட்ட பணத்துக்குக் கிட்டத்தட்ட வந்து சேர்கிறார். நடுப்பகலில் இன்னும் அரை நாள் மீதமிருப்பதாலும், அந்தப் பதற்றத்தில் ஐவி முழுதாக இறங்கியிருக்காது என்பதாலும் சிறிது லாபம் தெரிந்திருக்கும். அது சில நிமிடம்.

பிற்பகலில் வாங்குவோர் திரும்பி வந்தார்கள். நிஃப்டி 24,479-ல் முடிந்தது. நாள் முழுவதும் 500 புள்ளிக்கு மேல் அலைந்து, கடைசியில் 30 புள்ளி இறக்கம். இந்தியா விக்ஸ் முந்தைய நாளைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. விக்ஸ் முப்பது நாள் பார்வையில் கணக்கிடப்படுவது. அதற்குள் பட்ஜெட் நாள் ஒரு சிறிய துண்டு மட்டுமே. அந்தத் துண்டு போனதற்கே ஆறில் ஒரு பங்கு என்றால், மூன்று நாள் எக்ஸ்பைரியில் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். இதனால்தான் விக்ஸை மட்டும் பார்த்து, 15-தானே, மலிவுதானே என்று வார எக்ஸ்பைரி ஸ்ட்ராடிலை வாங்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நாம் வாங்குகிற எக்ஸ்பைரியின் ஐவிதான் நமக்கு வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், அப்படியென்றால் பத்து நாள் முன்பே வாங்கிவிட்டு, ஐவி ஏறியதும் பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் விற்றுவிட்டால் என்ன என்று கேட்டார். நல்ல கேள்விதான். வகுப்பெடுப்பவர்கள் பலர் இதையே உத்தியாகவும் சொல்லித்தருகிறார்கள். ஐவி உண்மையில் ஏறும். அதே கணக்கில் பார்ப்போம். பத்து வர்த்தக நாள் முன்பு, அதே எக்ஸ்பைரிக்குப் பட்ஜெட் நாள் ஒன்றும் சாதாரண நாள்கள் 12-உம் இருக்கின்றன. 4-உடன் 0.64 வீதம் பன்னிரண்டு நாளைக் கூட்டினால் 11.68. ஐவி 15%. ஸ்ட்ராடில் விலை 670 புள்ளி. பத்து நாள் கழித்து ஐவி 21%. ஸ்ட்ராடில் விலையோ 450. ஐவி 15-இலிருந்து 21-க்கு ஏறியிருக்கிறது, கையில் இருந்த சரக்கின் விலை 220 புள்ளி இறங்கியிருக்கிறது.

காரணம் எளியது. சாதாரண நாள்கள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய, மிச்சமிருக்கும் நாள்களில் பட்ஜெட் நாளின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. ஐவி ஏறுவது அந்தச் சராசரியின் ஏற்றம். புதிதாகப் பயம் எதுவும் சேரவில்லை. பட்ஜெட் நாளுக்கு எதிர்பார்க்கும் 2% என்பது 2.5% ஆகவோ 3% ஆகவோ உயர்ந்தால்தான் முன்கூட்டி வாங்கியவருக்கு உண்மையான லாபம். அல்லது அந்தப் பத்து நாளில் நிஃப்டி சொந்தமாக நன்றாக நகர்ந்திருக்க வேண்டும். ஐவி வரைபடம் ஏறுமுகமாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்குவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்த வார எக்ஸ்பைரியில் வாங்கினால் அடி குறையும் என்பது இன்னொரு யோசனை. ஆகஸ்ட் 1 எக்ஸ்பைரி என்றால் மீதம் எட்டு நாள், ஸ்ட்ராடில் 571 புள்ளி. பட்ஜெட் நாள் மாலை சந்தை நகராமல் இருந்தால் 415. நஷ்டம் 156 புள்ளி, முன்பு பார்த்த 228-ஐவிடக் குறைவுதான். ஆனால் அன்று மாலைக்குள் கைப்பணம் திரும்ப 467 புள்ளி நகர வேண்டும், 436 போதாது. அடியும் மென்மை, பலனும் மென்மை. கழிந்துபோகும் அந்த 4 இரண்டு எக்ஸ்பைரியிலும் ஒன்றேதான்.

இந்த இரண்டு எக்ஸ்பைரிகளையும் வைத்து ஒரு பயனுள்ள காரியம் செய்யலாம். நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் சந்தை என்ன விலை போட்டிருக்கிறது என்று பிரித்தெடுக்கலாம். எனக்குத் தெரிந்து ஸ்ட்ராடில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இதுவே. ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும். இரண்டு எக்ஸ்பைரியும் நிகழ்ச்சிக்குப் பின் வருபவையாக இருக்க வேண்டும். முதல் ஸ்ட்ராடில் 450, இரண்டாவது 571. இரண்டையும் 0.8-ஆல் வகுத்தால் 562.5, 714. இவற்றின் வர்க்கங்கள் சுமார் 3,16,000, 5,09,000. வித்தியாசம் 1,93,000. இரண்டு எக்ஸ்பைரிக்கும் இடையே இருப்பவை ஐந்து சாதாரண நாள்கள். ஆக, ஒரு சாதாரண நாளுக்கு 38,600. அதன் வர்க்கமூலம் 196 புள்ளி, அதாவது 0.8%. முதல் எக்ஸ்பைரியில் சாதாரண நாள் இரண்டு. 3,16,000-இலிருந்து 77,200-ஐக் கழித்தால் மிஞ்சுவது 2,38,800. அதன் வர்க்கமூலம் 489 புள்ளி, 24,500-இல் 2%. நாம் முதலில் வைத்துக்கொண்ட எண்ணே திரும்பி வருகிறது. உண்மையான திரை விலைகளை இதேபோல் போட்டால், அன்றைய சந்தை அந்த நாளுக்கு என்ன எண் வைத்திருக்கிறது என்பது கிடைக்கும். வாங்கும்-விற்கும் விலை இடைவெளி காரணமாகக் கொஞ்சம் முன்னே பின்னே வரலாம். நடு விலையை எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த எண் கைக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி. இதே நிகழ்ச்சி இதற்குமுன் எவ்வளவு நகர்த்தியிருக்கிறது? 2019 ஜூலை தொடங்கி 2025 பிப்ரவரி வரை, இடைக்கால பட்ஜெட்டையும் சேர்த்து எட்டு பட்ஜெட் நாள்கள். முந்தைய நாள் முடிவிலிருந்து அன்றைய முடிவு வரை நிஃப்டியின் நகர்வு: 2019 ஜூலையில் 1.1% இறக்கம், 2020-ல் சுமார் 2.5% இறக்கம், 2021-ல் 4.7% ஏற்றம், 2022-ல் 1.4% ஏற்றம், 2023-ல் 0.3% இறக்கம். 2024 பிப்ரவரி, 2024 ஜூலை, 2025 பிப்ரவரி ஆகிய மூன்றிலும் தலா 0.1% அளவுக்கு இறக்கம்.

இதை எத்தனையோ பேரிடம் காட்டியிருக்கிறேன். பார்த்தவுடன், எட்டில் ஆறு முறை 2%-ஐத் தொடவில்லை, ஆக விற்பதுதான் சரி என்று சிலர் முடிவுக்கு வந்துவிடுவார்கள். வர்க்கக் கணக்கில் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது. எட்டு நகர்வுகளின் வர்க்கங்களைக் கூட்டி, எட்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட சரியாக 2%. அதாவது 2% என்ற விலை நியாயமான விலையே. 2021-ஐ மட்டும் எடுத்துவிட்டுப் போட்டால் 1.2%-க்கு வந்துவிடுகிறது. நியாயம் முழுவதும் அந்த ஒரே ஒரு நாளில் குவிந்திருக்கிறது. வாங்குகிறவர் பெரும்பாலான வருடங்களில் பாதிவரை பணத்தை இழந்து, ஒரு வருடத்தில் மொத்தமாகத் திரும்ப எடுக்கிறார். விற்கிறவருக்கு நேர் எதிர். நூல் வியாபாரியான அந்தப் பெரியவர் 2021-ல் வாங்கவில்லை. அதற்கு முந்தைய வருடம், சனிக்கிழமை நடந்த பட்ஜெட்டில் வந்த லாபத்தை விட்டுவிட்டதால் மனம் வெறுத்திருந்தார். ஸ்ட்ராடில் வாங்குவதை ஒரே ஒரு முறை செய்து பார்க்கிறேன் என்பவர்களுக்கு இது ஏன் கைகொடுப்பதில்லை என்பதற்கு அந்த இரண்டு வருடங்களே போதுமான விளக்கம்.

நாள்காட்டியில் இல்லாத நிகழ்ச்சி வேறு வகை. 2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை காலை, நிறுவன வரியைக் குறைத்து நிதியமைச்சர் திடீரென அறிவித்தார். நிஃப்டி ஒரே நாளில் 569 புள்ளி, 5.3% ஏறியது. முந்தைய நாள் எந்த ஆப்ஷன் விலையிலும் அந்த வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக எதுவும் சேர்ந்திருக்கவில்லை. சாதாரண நாளின் விலைக்கு ஸ்ட்ராடில் வைத்திருந்தவர்களுக்குப் பெரும் லாபம். ஆனால் அப்படி ஒன்று வரும் என்று வாரம்தோறும் வாங்கிக்கொண்டே இருப்பவருக்குத் தேய்மானம் வாரம்தோறும் உண்டு.

நாள் தெரிந்த நிகழ்ச்சியில் வாங்குகிறவர் பெரும்பாலும் இழப்பார் என்பதற்கு எதிர் உதாரணமாக எல்லோரும் சொல்வது 2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. சொல்ல வேண்டியதுதான், அன்று ஸ்ட்ராடில் வாங்கியவர்கள் வென்றார்கள். ஜூன் 1, சனிக்கிழமை மாலை வந்த கருத்துக்கணிப்புகள் ஆளும் கூட்டணிக்குப் பெரும் வெற்றி என்றன. திங்கள்கிழமை நிஃப்டி 733 புள்ளி ஏறி 23,264-ல் முடிந்தது. கேள்விக்குப் பதில் வந்துவிட்டது போன்ற எண்ணத்தில் இந்தியா விக்ஸ் 24-க்கு மேலிருந்து 21-க்கு இறங்கியது. செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை தொடங்கியது. பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272 கிடைக்கவில்லை, 240-தான். நிஃப்டி 1,379 புள்ளி சரிந்து 21,885-ல் முடிந்தது. ஏறக்குறைய 5.9%.

நிகழ்ச்சி முடிந்தும் அன்று விக்ஸ் இறங்கவில்லை, 26-க்கு மேல் ஏறியது. முடிவு வந்தால் ஐவி இறங்கும் என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் இதைப் பார்த்துக் குழம்பினார்கள். அன்று ஒரு கேள்வி முடிந்து இன்னொரு கேள்வி பிறந்திருந்தது. ஆட்சி அமைப்பது யார், தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் எந்தப் பக்கம் நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்காலத்தில் நிச்சயமின்மை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத்தான் ஐவி அளக்கிறது. மறுநாள் அந்தக் கூட்டணிக் கட்சிகள் ஆதரவை உறுதி செய்தன. நிஃப்டி 736 புள்ளி ஏறியது, விக்ஸ் 19-க்குக் கீழே விழுந்தது. ஒரு நாள் தாமதமாக அதே காரியம் நடந்தது.

திங்கள்கிழமை முடிவில் 23,250 ஸ்ட்ராடில் வாங்கி, ஜூன் 6 எக்ஸ்பைரிவரை வைத்திருந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் மாலை அவருடைய புட்டின் உள்மதிப்பு மட்டும் 1,365 புள்ளி. புதன் மாலை 630. வியாழன் எக்ஸ்பைரியில் நிஃப்டி 22,821-ல் முடிந்ததால் கைக்கு வந்தது 429. விக்ஸ் காட்டிய 21%-ஐ அப்படியே போட்டுக் கணக்கிட்டாலே திங்கள்கிழமை அந்த ஸ்ட்ராடிலின் விலை 425 புள்ளி வருகிறது. எண்ணிக்கை நாளைச் சுமந்த மூன்று நாள் எக்ஸ்பைரியின் ஐவி விக்ஸைவிட நிச்சயம் அதிகமாகத்தான் இருக்கும். ஆக, தேர்தல் முடிவுக்கு நிஃப்டி ஏறக்குறைய 6% விழுந்த வாரத்தில், திசை தெரியாமல் வாங்கி வைத்து, எதுவும் செய்யாமல் எக்ஸ்பைரிவரை உட்கார்ந்திருந்தவர் நஷ்டத்தில் முடித்தார்.

அன்று எங்கள் மேசையில் லாபத்தைக் காப்பாற்றியவர்கள் செய்தது என்னவென்று சொல்கிறேன். 1,300 புள்ளி உள்ளே போய்விட்ட புட்டை விற்கப் பார்த்தால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே அகலமான இடைவெளி. அவசரத்தில் மார்க்கெட் ஆர்டர் போட்டால் பத்து, இருபது புள்ளி சாதாரணமாகப் போய்விடும். அதனால் புட்டைத் தொடாமல், அதே அளவுக்கு நிஃப்டி ஃபியூச்சர் வாங்கினார்கள். ஃபியூச்சரில் இடைவெளி எப்போதும் குறுகலாக இருக்கும். வாங்கிய நிமிடத்திலிருந்து, சந்தை திரும்ப ஏறினால் புட் இழப்பதை ஃபியூச்சர் சம்பாதித்துக் கொடுக்கும். லாபம் அந்த இடத்தில் பூட்டப்பட்டுவிடும். பதற்றம் அடங்கியபின் நிதானமாக இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். ஃபியூச்சருக்கு மார்ஜின் வேண்டும் என்பதால், நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே கணக்கில் அந்தப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்வேன்.

இதில் அடிக்கடி நடக்கும் கெடுதல் ஒன்று உண்டு. லாபத்தில் இருக்கும் காலையோ புட்டையோ விற்றுவிட்டு, மற்றதை மட்டும் சந்தை திரும்பும் என்று வைத்திருப்பது. அந்த மற்றது எப்படியும் பத்து, பதினைந்து புள்ளிக்கு வந்துவிட்டது, போனால் போகட்டும் என்பார்கள். அதுவாவது சிறிய தொகை. ஜூலை 23 போன்ற நாளில் 24,074-ல் புட்டை விற்காமல் காலை மட்டும் முதலில் விற்றவர்களும் உண்டு. இன்னும் விழும் என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்தக் கணத்தில் அவர்கள் ஸ்ட்ராடில்காரர்கள் இல்லை, இறக்கத்தில் பந்தயம் கட்டியவர்கள். பிற்பகல் ஏற்றத்தில் இரண்டு பக்கமும் போயிற்று.

கடைசியாக, மேலே நான் போட்ட கணக்குக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஏறினாலும் இறங்கினாலும் ஐவி ஒரே அளவு இறங்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஃப்டியில் அப்படி நடப்பதில்லை. இறங்கும் சந்தையில் பாதுகாப்புக்குப் புட் வாங்குவோர் வந்துகொண்டே இருப்பதால் ஐவி மெதுவாகவே இறங்கும், சில நாள் ஏறவும் செய்யும். ஏறும் சந்தையில் பாதுகாப்பு தேவைப்படாதவர்கள் தங்கள் புட்டை விற்றுத் தள்ளுவதால் ஐவி வேகமாக இறங்கும். ஆகவே 436 புள்ளி என்ற எண் இரண்டு பக்கமும் ஒன்று இல்லை. கீழே 400 புள்ளியிலேயே கைப்பணம் திரும்பக்கூடும், மேலே 460 வேண்டியிருக்கலாம். எவ்வளவு வித்தியாசம் என்பது அந்தந்த நாளின் ஐவி சரிவைப் பொறுத்தது. 24,000 புட்டின் ஐவியையும் 25,000 காலின் ஐவியையும் முந்தைய நாளே அருகருகே எழுதி வைத்துக்கொண்டால், எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று இன்னும் சரியாகச் சொல்ல முடியும். பெரியவர் இப்போதும் பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் அழைக்கிறார். அந்த இரண்டு எண்களையும் நிகழ்ச்சி நாளின் சதவீதத்தையும் முதலில் கேட்டுக்கொள்கிறார். வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகுதான் பேசுகிறோம்.